அது தாத்தா

அண்ணன் மகள் 4-ஆம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஆண்டு மலருக்கு ஆளுக்கு ஒரு கதை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள், ஒரு பக்கத்துக்கு மிகாமல். எழுதிய தாளை நாலாக மடித்துக்கொண்டு மஞ்சக்குப்பத்திலிருந்து அப்பாவோடு ஸ்கூட்டரில் திருப்பாதிரிப்புலியூருக்கு என் வீட்டுக்கு வந்து நின்றாள். நான் 11 வருஷம் ஒரு அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவள். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், உள்ளூர்க் கவிஞர்களின் தொகுப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் திருத்தியவள். "அத்தைகிட்ட குடுத்தா சுத்தமா ஆக்கிடுவாங்க" என்று அண்ணன் சொல்லிக் கூட்டி வந்திருந்தான். சுத்தமாகத்தான் ஆக்கினேன். அதில்தான் வினையே வந்தது.

முதலில் அவள் எழுதியதை அப்படியே தருகிறேன், எழுத்துப் பிழை உட்பட. இதைப் படித்துவிட்டால் மீதியைப் பேசுவது சுலபம்.

"ஒரு ஊரில் ஒரு ஆடு இருந்துச்சு. அது பேரு மணி. அதுக்கு கழுத்துல மணி கெடையாது. தாத்தா வாங்கி தரேன்னு சொன்னார் ஆனா வாங்கவே இல்லை. அப்புறம் ஆத்து திருவிழா வந்தது. அப்புறம் தாத்தா மணியை கூட்டிகிட்டு போனார். அங்க நிரைய சாமி வந்துச்சு எல்லாம் குளிக்க வந்துச்சு. வரிசைல நின்னுச்சு. ஆனா யாரும் சோப்பு குடுக்கல. அப்புறம் தாத்தா சுருளி கிழங்கு வாங்கினார் அது தோல்ல முடி இருந்துச்சு தாத்தா காது மாதிரி. மணி அதை தின்னுச்சு. ஒன்னு தின்னுச்சு ரெண்டு தின்னுச்சு மூனு தின்னுச்சு. கிழங்கு விக்கிற ஆயா திட்டினாங்க. அப்புறம் கூட்டம் வந்தது அப்புறம் மணி தொலைஞ்சி போச்சு. தாத்தா தேடினார். அது அழுதுது. எல்லா காலும் ஒரே மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு துண்டு வந்தது. அதுல பீடி வாசனை வந்தது. மணி அது பின்னாடியே போச்சு. அது தாத்தா. அப்புறம் தாத்தா மணி வாங்கி கட்டினார். இப்ப மணிக்கு மணி இருக்கு. நீதி: கூட்டத்தில் தனியாக போக கூடாது."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கடலூர்ப் பக்கம் தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழா. பெண்ணையாறு, கெடிலம் இரண்டின் கரையிலும் சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து சாமிகளைத் தூக்கிக்கொண்டு வந்து தீர்த்தவாரி நடத்துவார்கள். அன்றைக்குச் சுருளிக்கிழங்கு வாங்காமல் வீடு திரும்பினால் திருவிழாவுக்குப் போனதாகவே கணக்கில்லை. அந்தக் கதையில் வரும் தாத்தா என் அப்பாதான். அவர் காதும் அப்படித்தான்.

முதல் நாள் நான் செய்தது இதுதான். அவளை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு, இருபது நிமிஷத்தில் ஒரு புதுத் தாளில் எழுதி முடித்தேன். "கதிரவன் மறையும் அந்தி வேளையில் கெடிலம் ஆற்றங்கரையில் மக்கள் வெள்ளம் அலைமோதியது" என்று தொடங்கியது. ஆடு கிழங்கை "ஆவலுடன் உண்டது". கூட்டத்தில் சிக்கியதும் அதன் "கண்கள் குளமாயின". "தோளில் துண்டுடன் தாத்தா ஓடோடி வந்து மணியை வாரி அணைத்துக்கொண்டார்." சோப்பு வரியை எடுத்துவிட்டேன், சாமி விஷயம், யாராவது ஏதாவது சொல்வார்களே என்று. எல்லாக் காலும் ஒரே மாதிரி இருந்தது என்ற வரி புரியவில்லை, அதையும் எடுத்துவிட்டேன். ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை. எனக்கு ரொம்பத் திருப்தி.

அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முதல் வரியிலேயே நின்றாள்.

"அத்தை, அந்தின்னா எத்தனை மணி?"

"சாயங்காலம் ஆறு, ஆறரை."

"நாங்க காலைலதான போனோம்?"

அப்புறம் முழுசாகப் படித்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லித் தாளை மடித்து வைத்தாள். சண்டை போடவில்லை, அழவில்லை. பெரியவர்கள் எழுதினால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்ட முகம். அச்சகத்தில் சில கவிஞர்கள் மெய்ப்பைத் திருப்பித் தரும்போது இதே முகத்தோடு தந்திருக்கிறார்கள், அப்போதெல்லாம் நான் கவனிக்கவில்லை. அவர்கள் கிளம்பிப் போன பிறகு அவளுடைய மூலத்தாள் மேஜையிலேயே கிடந்தது. எடுத்துப் படித்தேன். சோப்பு வரியில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். என் தாளில் சிரிக்க ஒரு இடம் இல்லை. மறுநாள் பள்ளிவிட்டதும் வரச்சொல்லி அண்ணனுக்கு போன் செய்தேன்.

இரண்டாவது முறை வேலையை வேறு வரிசையில் செய்தேன். மெய்ப்புத் திருத்துவதில் ஒரு குறி உண்டு. ஒரு சொல்லை அவசரப்பட்டு அடித்துவிட்டு, அடடா அது சரியாகத்தானே இருந்தது என்று தெரிந்தால், அந்தச் சொல்லுக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைப்போம். அடித்ததைப் பொருட்படுத்தாதே, இருப்பது அப்படியே இருக்கட்டும் என்று அச்சுக் கோப்பவருக்கு அர்த்தம். எப்போதும் கடைசியில் வைக்கிற அந்தப் புள்ளியை இந்தத் தடவை முதலில் வைத்தேன். மூலத்தாளை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, ஒரு பிழையும் திருத்தாமல், எதைத் தொடக்கூடாதோ அதற்கு அடியில் மட்டும் பென்சிலால் புள்ளி.

எதற்கெல்லாம் வைத்தேன் என்றால், நான் உட்கார்ந்து யோசித்தால் எனக்கு வந்திருக்காத வரிகளுக்கெல்லாம் வைத்தேன். கழுத்தில் மணி இல்லாத மணி. சோப்பு. தாத்தா காது. ஒன்று தின்றது, இரண்டு தின்றது, மூன்று தின்றது. எல்லாக் காலும் ஒரே மாதிரி. ஒரு துண்டு வந்தது. அது தாத்தா. மணிக்கு மணி இருக்கு. அவ்வளவுதான், எட்டு இடம். ஒரு பக்கக் கதையில் எட்டு இடம் என்பது அதிகம், பெரிய எழுத்தாளர்களின் மெய்ப்பிலேயே நான் இவ்வளவு பார்த்ததில்லை என்று சொன்னால் அத்தைப் பாசம் என்பீர்கள், சொல்லவில்லை.

கால் வரி என்ன என்று அவளிடமே கேட்டேன். "அது குட்டையா இருக்குல்ல அத்தை, அதுக்குக் காலுதான தெரியும், மூஞ்சி தெரியாதுல்ல" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில். அப்போதுதான் எனக்கு மொத்தக் கதையும் விளங்கியது. துண்டு வந்தது என்று அவள் எழுதியது தாத்தா வந்தார் என்று எழுதத் தெரியாமல் இல்லை. ஆட்டுக்கு முதலில் தெரிவது தொங்குகிற துண்டு, அடுத்து அதன் வாசனை, அதற்குப் பிறகுதான் ஆள். "அது தாத்தா" என்பதில் உள்ள அது அந்தத் துண்டு. நான் எழுதிய "தோளில் துண்டுடன் தாத்தா ஓடோடி வந்து" ஆட்டின் உயரத்திலிருந்து கதையைத் தூக்கி ஆள் உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. குழந்தை எழுதியதில் ஒரு வரி புரியவில்லை என்றால் அடிக்கும் முன் கேட்டுவிடுவது நல்லது. பாதி நேரம் அது பிழையாகவே இருக்கும், அதைச் சொல்லிச் சிரித்து அவளே அடித்துவிடுவாள். மீதிப் பாதியில் நமக்குத்தான் விளங்கியிருக்காது.

புள்ளி வைத்து முடித்த பிறகுதான் ஓட்டைகளைத் தேடினேன். இந்தக் கதையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கூட்டம் வந்தது, மணி தொலைந்து போச்சு. எப்படி? தாத்தா கையில்தானே கயிறு இருந்திருக்கும்? இதை நாமே நிரப்பிவிடலாம், ஒரு வரிதான். ஆனால் நிரப்பினால் அந்த வரி மட்டும் ஒட்டுப்போட்ட மாதிரி தனியாகத் தெரியும், எவ்வளவு எளிமையாக எழுதினாலும் தெரியும். அதனால் கேட்க வேண்டியதுதான். கேட்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "தாத்தா கயித்த விட்டுட்டாரா?" என்று கேட்டால், ஆமா என்று தலையாட்டிவிடுவாள், அது அவள் பதில் இல்லை, என்னுடையது. ஆமா, இல்லை என்று முடிகிற கேள்வியைக் கேட்கவே கூடாது. நான் கேட்டது, "அப்ப தாத்தா என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"காசு குடுத்துட்டிருந்தாரு. மூணு கிழங்குக்கும். தாத்தா காச எண்ணி எண்ணிதான் குடுப்பாரு, ரெண்டு கையிலயும் எண்ணுவாரு, அப்ப கயித்த விட்டுட்டாரு."

இது அவள் தலைக்குள் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. கை வலித்ததால் எழுதவில்லை. இந்த வயசில் கதை வாயில் ஓடுகிற வேகத்துக்குப் பென்சில் ஓடாது, நடுவில் நாலைந்து வரி கீழே விழுந்துவிடும். அவள் சொல்லச் சொல்ல நான் ஒரு துண்டுத்தாளில் வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டேன். தாத்தா ரெண்டு கையாலும் காசு எண்ணுவது என் கற்பனையில் வந்திருக்குமா? ஆயா திட்டியதும், மூன்று கிழங்கு தின்றதும், ஆடு தொலைந்ததும் ஒரே கயிற்றில் கட்டின மாதிரி ஆகிவிட்டது.

அடுத்தது மொழி. இங்கேதான் தமிழில் திருத்துகிறவர்களுக்குச் சிக்கல் அதிகம், ஏனென்றால் குழந்தை பேசுவது ஒன்று, பள்ளி கேட்பது இன்னொன்று. அவள் தாளில் இரண்டும் கலந்து கிடக்கிறது. ஒரு வரியில் வந்துச்சு, அடுத்த வரியில் வந்தது. ஏதாவது ஒரு பக்கம் நின்றாக வேண்டும். முழுக்கப் பேச்சுத் தமிழிலேயே விட்டிருந்தாலும் கதை நன்றாகத்தான் இருந்திருக்கும், எனக்கு அதுவே பிடிக்கும். ஆனால் ஆண்டு மலருக்கு எழுத்துத் தமிழ் வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எழுத்துத் தமிழ் என்றதும் முதல் நாள் எனக்கு உண்டது, அழைத்துச் சென்றார் என்று கை தானாகப் போயிற்று. உண்மையில் அவள் எழுதிய ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் அதே வேரில் எழுத்து வடிவம் இருக்கிறது. தின்னுச்சு என்றால் தின்றது. கூட்டிகிட்டு போனார் என்றால் கூட்டிக்கொண்டு போனார். குடுக்கல என்றால் கொடுக்கவில்லை. தொலைஞ்சி போச்சு என்றால் தொலைந்து போனது. வால் மட்டும் மாறுகிறது, தலை அவளுடையது. தின்றது உண்டதாக மாறினால்தான் தலை போகிறது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் போனேன், பத்து நிமிஷ வேலை. விதிக்கு அடங்காமல் நின்றது பின்னாடியே என்ற சொல் மட்டும். பின்னாலேயே என்று எழுதிப் பார்த்தேன், ஆட்டின் குறுநடை போய்விட்டது, பின்னாடியே என்றே விட்டேன்.

சாமி விஷயத்தில் கொஞ்சம் யோசித்தேன். நிறைய சாமி வந்துச்சு என்பதை ஒருமை பன்மை பார்த்துச் சாமிகள் வந்தன என்று ஆக்கினேன், அது வாலோடு போகிற விஷயம்தான். சாமிகள் வந்தார்கள் என்று மரியாதையாக்க ஒரு ஆசை வந்தது. வேண்டாம் என்று விட்டேன். எங்கள் ஊரில் சாமி வருது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் இந்த அப்புறம். ஏழு இருந்தன. குழந்தைக்கு அப்புறம் என்பது மூச்சு விடுகிற இடம், அவளைப் பொறுத்தவரை அதுதான் முற்றுப்புள்ளி. முதல் நாள் நான் அதையெல்லாம் பிறகு, பின்னர், அதன்பின், உடனே என்று விதவிதமாக மாற்றியிருந்தேன், ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்களே. அதுதான் மிக மோசம், ஒரு 9 வயசுப் பெண் அதன்பின் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இரண்டாம் நாள் ஒவ்வொரு அப்புறத்தின் மேலும் விரலை வைத்து மறைத்துக்கொண்டு படித்தோம், அவள் விரல்தான். மறைத்தாலும் கதை நடந்தால் அது வேண்டாம், இடறினால் இருக்கட்டும். ஐந்து போயிற்று. இரண்டு நின்றது. ஒன்று துண்டு வருவதற்கு முன்னால், ஏனென்றால் அங்கே ஆடு உண்மையிலேயே ரொம்ப நேரம் நிற்கிறது. இன்னொன்று தாத்தா மணி வாங்குவதற்கு முன்னால், அங்கே வேறு நாளே வந்துவிட்டது. எதை எடுப்பது என்று அவள்தான் தீர்மானித்தாள். அப்புறம் போன இடத்திலெல்லாம் முற்றுப்புள்ளி வைக்கச் சொன்னேன். அதுவரை அவளுக்கு முற்றுப்புள்ளி எதற்கென்றே தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன், டீச்சர் கேட்பார் என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

எந்தத் தயவும் பார்க்காமல் மாற்ற வேண்டிய இடமும் ஒன்று இருந்தது. "அது தோல்ல முடி இருந்துச்சு தாத்தா காது மாதிரி. மணி அதை தின்னுச்சு." இதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். ஆடு தாத்தா காதைத் தின்றுவிட்டது. அவளிடம் படித்துக் காட்டினேன், தரையில் உருண்டு சிரித்தாள், அப்படியே விட்டுவிடலாம் என்றுகூடச் சொன்னாள். காது இல்லாத தாத்தா எப்படி அடுத்த வரியில் காசு எண்ணுவார் என்று பேசி, அதை என்பதைக் கிழங்கை என்று மாற்றினோம். குழந்தைகள் எழுதும் கதையில் அது, அவன், அவள் ஆகிய மூன்றையும் தனியாக ஒரு தடவை சோதித்துவிடுவது நல்லது. அவர்களுக்கு மனசில் படம் தெளிவாக இருப்பதால் அது என்றால் எது என்று வாசகனுக்குத் தெரியாமல் போகும் என்று தோன்றவே தோன்றாது. அது அழுதது என்பதையும் மணி அழுதது என்று ஆக்கினோம். அது தாத்தா மட்டும் புள்ளி வைத்த வரி, தொடவில்லை.

எழுத்துப் பிழைகளை நான் திருத்தித் தரவில்லை. பிழை உள்ள வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போட்டேன், அவளே தேடினாள். நிரையவைப் பிடித்துவிட்டாள். ஒற்று மிகும் இடங்கள் எதுவும் தெரியவில்லை, தெரிந்திருந்தால்தான் ஆச்சரியம், அதை நானே போட்டுவிட்டேன்.

இதெல்லாம் முடிந்து சுத்தமாக ஒரு படி எழுதி, ஒன்றும் சொல்லாமல் அவள் கையில் கொடுத்து, எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு என்றேன். நான் கையில் இன்னொரு படியும் பென்சிலும் வைத்துக்கொண்டேன். இந்தச் சோதனையை விட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. அவள் தடுக்கி நிற்கிற இடத்தில் அவளுக்குத் தெரியாத சொல் ஏதோ நுழைந்திருக்கிறது. மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியம் அவளுக்கு நீளம். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியம்: தாளில் ஒன்று இருக்க வாய் வேறொன்றைப் படிக்கும். அவளுக்கே தெரியாது, சரளமாகப் படித்துக்கொண்டு போவாள். அந்த இடத்தில் வாய் சொல்வதுதான் அவளுடைய வரி. "அதன் தோலின் மீது முடி இருந்தது" என்று நான் எழுதியிருந்தேன், அவள் "அதன் தோலில் முடி இருந்தது" என்று படித்தாள். மாற்றிக்கொண்டேன். ஆயா திட்டினார் என்று எழுதியிருந்ததைத் திட்டினாங்க என்று படித்தாள். அதை மாற்றினால் எழுத்துத் தமிழ் கெடும், திட்டினார் என்றே வைத்துக்கொண்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் உறுத்தல்தான். திட்டினார் என்றால் ஆயா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு திட்டின மாதிரி இருக்கிறது.

நீதியைப் பற்றிச் சொல்லவில்லையே. கூட்டத்தில் தனியாகப் போகக் கூடாது. மணி தனியாகப் போகவில்லை, தாத்தாதான் கயிற்றை விட்டார், ஆக இந்த நீதி இந்தக் கதைக்கே பொருந்தாது. கதை என்றால் கடைசியில் நீதி எழுத வேண்டும் என்று எங்கோ படித்து எழுதியிருக்கிறாள். அடித்துவிடத்தான் கை வந்தது. ஆனால் அடித்தால் அது என் முடிவு. "மணிய கேட்டா என்ன நீதி சொல்லும்?" என்றேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தாள். பிறகு எழுதினாள்: "நீதி: வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் வாங்கித் தர வேண்டும்." எழுதிவிட்டு வாசலில் நின்ற அவள் அப்பாவைப் பார்த்தாள். என்ன பாக்கி என்று நான் கேட்கவில்லை, சைக்கிள் என்று பிறகு தெரிந்தது.

டீச்சரிடமிருந்து இரண்டு ஆட்சேபம் வந்தது. ஒன்று, அது தாத்தா என்பது திணை வழு, அவர் தாத்தா என்று வர வேண்டும் என்றார். நான் போன் செய்து துண்டு கதையைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு நிமிஷம் பேச்சில்லை, பிறகு சிரித்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்றார். பதிலுக்கு, ஓர் ஊரில் ஓர் ஆடு என்று அவர் திருத்தியதை நான் ஒத்துக்கொண்டேன், எல்லாவற்றுக்கும் சண்டை போட முடியாது.

இரண்டாவது பீடி. பள்ளி மலரில் பீடி வரக்கூடாது. நியாயம்தான், ஆனால் வாசனை இல்லாவிட்டால் ஆடு தாத்தாவைக் கண்டுபிடிக்காது, கதையே அந்த ஆணியில்தான் தொங்குகிறது. எடுத்துவிட்டால் போதாது, வேறு வாசனை வேண்டும். மூன்று பேரும் உட்கார்ந்தோம். அண்ணன் கருவாட்டு வாசனை என்றான். "அப்ப பூனையெல்லாம் பின்னாடி வந்துருக்கும்ப்பா" என்று தள்ளிவிட்டாள். வெற்றிலை என்றேன் நான். "ஆடு துண்ட தின்னுடும் அத்தை." திருநீறு என்றோம், எல்லாத் தாத்தா மேலயும் அந்த வாசனைதான் வரும், எப்படிக் கண்டுபிடிக்கும் என்றாள். கடைசியில் அவளே தைலம் என்றாள், தாத்தா ராத்திரி முட்டிக்குத் தேய்க்கிற தைலம், வேறு யாரிடமும் அந்த வாசனை இல்லை. ஒரு சொல்லை மாற்ற ஒரு காப்பி நேரம் ஆயிற்று. கதைக்குள் ஒரு நியாயம் ஓடுகிறது, அதை எங்கள் இருவரையும் விட அவள் கறாராகக் காவல் காத்தாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

முடிவில் தாளில் நின்றது இது:

"ஓர் ஊரில் ஓர் ஆடு இருந்தது. அதன் பெயர் மணி. அதன் கழுத்தில் மணி கிடையாது. தாத்தா வாங்கித் தருகிறேன் என்று சொன்னார். ஆனால் வாங்கவே இல்லை.

ஆற்றுத் திருவிழா வந்தது. தாத்தா மணியைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நிறைய சாமிகள் வந்தன. எல்லாம் குளிக்க வந்தன. வரிசையில் நின்றன. ஆனால் யாரும் சோப்பு கொடுக்கவில்லை.

தாத்தா சுருளிக்கிழங்கு வாங்கினார். அதன் தோலில் முடி இருந்தது, தாத்தா காது மாதிரி. மணி கிழங்கைத் தின்றது. ஒன்று தின்றது, இரண்டு தின்றது, மூன்று தின்றது. கிழங்கு விற்கிற ஆயா திட்டினார். தாத்தா மூன்று கிழங்குக்கும் காசு கொடுத்தார். இரண்டு கையாலும் எண்ணி எண்ணிக் கொடுத்தார். கயிற்றை விட்டுவிட்டார்.

கூட்டம் வந்தது. மணி தொலைந்து போனது. தாத்தா தேடினார். மணி அழுதது. எல்லாக் காலும் ஒரே மாதிரி இருந்தது.

அப்புறம் ஒரு துண்டு வந்தது. அதில் தைல வாசனை வந்தது. மணி அதன் பின்னாடியே போனது. அது தாத்தா.

அப்புறம் தாத்தா மணி வாங்கிக் கட்டினார். இப்போது மணிக்கு மணி இருக்கிறது.

நீதி: வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் வாங்கித் தர வேண்டும்."

பத்தி பிரித்தது நான். அவளிடம், இடம் மாறினாலோ ஆள் மாறினாலோ புது வரியில் தொடங்கலாமா என்று கேட்டுத்தான் செய்தேன். மற்றபடி அதில் என் வாயிலிருந்து வந்த சொல் ஒன்றும் இல்லை, மூலத்தாளிலோ அவள் சொல்ல நான் எழுதிக்கொண்ட துண்டுத்தாளிலோ இல்லாத சொல் இருக்கிறதா என்று உட்கார்ந்து சரிபார்த்தேன். கிழங்குக்கு ஐந்து வரி போய், தொலைந்ததற்கு அரை வரிதான் இருக்கிறதே, பயத்தைக் கொஞ்சம் நீட்டலாமே என்று அண்ணன் கேட்டான். நீட்டவில்லை. திருவிழாவில் அவளுக்குக் கிழங்குதான் பெரிது.

இந்த முறை எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை அச்சான பிறகு பக்கத்து வீட்டு 7-ஆம் வகுப்புப் பையன் ஒரு கட்டுரைக் கதை கொண்டு வந்தான். எழில் கொஞ்சும் சில்வர் பீச், வெள்ளி அலைகள், புள்ளினங்களின் கீதம். புள்ளி வைக்க ஒரு இடம் கிடைக்கவில்லை, ஏனென்றால் அதில் அவனே இல்லை, முதல் நாள் நான் பண்ணின காரியத்தை அவனாகவே தனக்குப் பண்ணிக்கொண்டிருந்தான். அங்கே தாளை மூடி வைத்துவிட்டு, பீச்சில் என்ன நடந்தது என்று வாயால் சொல்லச் சொன்னேன். புதுச் செருப்பில் ஒன்றை அலை கொண்டுபோனதையும், மீதி ஒற்றைச் செருப்பைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு தேவனாம்பட்டினத்திலிருந்து வீடுவரை நடந்ததையும் சொன்னான். செருப்பு அவன் எழுதிய தாளில் இல்லவே இல்லை. அந்த வயசில் திருத்துவதைவிடச் சொல்லவைத்து எழுதிக்கொள்வதுதான் வேலை.

மலர் பங்குனியில் வந்தது. என் அப்பாவுக்குக் கண் பூ விழுந்திருப்பதால் அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள், அச்சில் வந்ததை விரல் வைத்துக்கொண்டு. திட்டினார் என்று இருந்த இடத்தில் திட்டினாங்க என்றே படித்தாள். தைல வாசனை என்று இருந்த இடத்தில், என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, பீடி வாசனை என்று படித்தாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.